செத்தவன் தலைமேல இருபத்தேழு

எனக்கு வாய் நீளம். ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கோவம் வந்தா பொரிஞ்சு தள்ளிடுவேன், அப்புறம் நானே போய் கோப்பி வாங்கிக் கொடுத்து சமாதானம் பண்ணுவேன். அப்படிப்பட்டவ ஒரு புதன்கிழமை, உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்துல பொய் சொன்னேன். அதுல போக இருந்தது என் வேலை இல்ல, ஹம்னாக்காவோட வேலை.

ஜாலான் புசார் தெருவுல முபாரக் பாயோட ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியிலதான் எங்க ஆபீஸ். கீழ ஆணி, பூட்டு, பெயிண்ட் டப்பா. மேல ஆறு பேர் உக்காந்து ஃபோன்ல விளையாடற கேம் செய்யறோம். நான் கவிப்ரியா, டெஸ்டர். மத்தவங்க செஞ்சதை விளையாடிப் பார்த்து எங்க உடையுதுன்னு சொல்றவ. ஹம்னாக்கா புரோகிராமர். முதலாளி நிதீஷுக்கு முப்பத்தொரு வயசு, எப்பவும் நகத்தைக் கடிச்சுக்கிட்டே இருப்பாரு.

ஹம்னாக்காவுக்கு நாப்பது. வீடு ஆங் மோ கியோல, அவங்களும் அவங்க உம்மாவும் மட்டும்தான். முன்னாடி வேற ஒரு கம்பெனியில பதினோரு வருஷம் வேலை பார்த்தவங்க. உம்மாவுக்கு பக்கவாதம் வந்ததும் விட்டுட்டாங்க. ஏழு வருஷம் குளிப்பாட்டி, ஊட்டி விட்டு, கையைப் பிடிச்சு நடக்க வச்சிருக்காங்க. உம்மா கொஞ்சம் தேறி, பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போக ஆரம்பிச்சதும் திரும்ப வேலை தேடினாங்க. முப்பத்தஞ்சு இடம். எல்லா இடத்துலயும் ஒரே கேள்விதானாம்: "இந்த ஏழு வருஷமா என்ன பண்ணீங்க?" சும்மா இருந்தாங்கன்னு நினைச்சானுங்க போல. எனக்கு இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

நிதீஷ்தான் எடுத்தாரு. ஆறு மாசம் தகுதிகாண், அப்புறம்தான் நிரந்தரம். "இதுவும் போச்சுன்னா என்னை யாரும் எடுக்க மாட்டாங்க கவி, நான் வீட்டுக்குள்ளயே போயிருவேன்"னு ஒரு நாள் பஸ் ஸ்டாப்ல வச்சு சொன்னாங்க. நான் சொல்ற புதன்கிழமை, அந்த ஆறு மாசத்தோட கடைசி வாரம்.

பக்கத்துல உக்காந்து வேலை பார்க்கறது கஷ்டம், அதையும் சொல்லிடறேன். தேத்தண்ணி சூடு ஆறிடுச்சுன்னா குடிக்க மாட்டாங்க. என் மேசையில இருக்கற பேனாவை எடுத்தா எடுத்த இடத்துலயே வைப்பாங்க, நான் அவங்க பென்சிலை எடுத்துட்டு வேற இடத்துல வச்சா ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க, அம்மாடி! யோசிக்கும்போது தலையில கட்டியிருக்கற தூடோங் துணியோட பின்னை கழட்டிக் கழட்டிக் குத்துவாங்க. ஆனா ஒரு சந்தேகம் கேட்டா, செய்யற வேலையை அப்படியே விட்டுட்டு திரும்பி உக்காந்து சொல்லிக் கொடுப்பாங்க.

எங்க கேம் சண்டை கேம். எதிரியை அடிச்சா அடி எவ்வளவு பலமா விழுந்துச்சுன்னு ஒரு எண் அவன் தலைமேல டப்புன்னு பெருசாத் தெறிக்கும், மேல ஏறும், ஏறிக்கிட்டே மங்கி மறைஞ்சிடும். மொத்தம் ஒரு செகண்டு கூட இல்ல, முக்கால் செகண்டு. அந்த எண் இல்லாட்டி அடிச்ச மாதிரியே இருக்காது. அதுதான் எங்க தலைவலியாவும் ஆச்சு. எங்க கேமை வாங்கி வெளியிடலாமான்னு பார்த்துக்கிட்டிருந்த கம்பெனிக்காரங்க மலிவான ஃபோன்ல போட்டுப் பார்த்துட்டு, "சண்டை சூடு பிடிச்சா கேம் விக்கி விக்கி நிக்குது, புதன்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க, இல்லாட்டி வேண்டாம்"னு எழுதிட்டாங்க.

காரணத்தை ஹம்னாக்காதான் கண்டுபிடிச்சாங்க. ஒவ்வொரு அடிக்கும் ஒரு புது எண்ணை உண்டாக்கி, மறைஞ்சதும் அதைத் தூக்கிப் போட்டுக்கிட்டிருந்தோம். பன்னிரண்டு எதிரி சுத்தி நிக்கும்போது பத்து செகண்டுல இருநூறு எண். போட்ட குப்பையெல்லாம் ஃபோனோட நினைவகத்துல சேரும், அதைக் கூட்டி அள்ளறதுக்காக கேம் ஒரு நொடி அப்படியே நின்னு போகும்.

நிதீஷுக்குப் புரியறதுக்கு அக்கா தேக்கா சந்தையில இருக்கற சாப்பாட்டுக் கடையைச் சொன்னாங்க. "ஒவ்வொரு ஆளுக்கும் கடைக்காரர் புதுத் தட்டா வாங்கறாரு? இருக்கற நாப்பது தட்டுதான் சுத்தி வருது. சாப்பிட்டுட்டு நாம கொண்டுபோய் வைக்கிறோம், கழுவி அடுத்த ஆளுக்கு." அதே மாதிரி ஆரம்பத்துலயே நாப்பது எண்ணைச் செஞ்சு மறைச்சு வச்சிட்டாங்க. அடி விழுந்தா ஒண்ணை எடுத்து, எண்ணை எழுதி, காட்டறது. மங்கினதும் நிறம், அளவு, மங்கல் எல்லாத்தையும் பழையபடி ஆக்கித் திரும்ப வச்சிடறது. புதுசா எதுவும் உண்டாகாது, குப்பையும் சேராது.

செவ்வாய்க்கிழமை காலையில முடிச்சுட்டு என்கிட்ட கொடுத்தாங்க. நான் விளையாடினேன். வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. நான் கெட்டிக்காரி, பெருமைக்குச் சொல்லல. ஒரு அடி கூட வீணாக்க மாட்டேன், ஒருத்தன் சாஞ்சா அடுத்தவன்கிட்ட போயிடுவேன்.

எங்க டெஸ்ட் தாள்ல கடைசி வரி ஒண்ணு உண்டு: "கடையில கொடுத்தாச்சு." அது எங்க ஆபீஸ் வழக்கம். கேம் தெரியாதவங்க எப்படி விளையாடுவாங்கன்னு பார்க்கணும்ல? அதனால எந்த வேலை முடிஞ்சாலும் ஃபோனைக் கீழ கொண்டுபோய் முபாரக் பாய் கையில கொடுத்து பதினஞ்சு நிமிஷம் விளையாட விடணும். அவர் விளையாட மாட்டாரு, குத்துவாரு. அந்தக் கட்டை விரலுக்கு எங்க கேம்ல உடையாத பாகமே கிடையாது.

அன்னிக்கு நான் கீழ போனப்ப கடை வாசல்ல லாரி நிக்குது, பெயிண்ட் இறக்கிக்கிட்டிருக்காங்க. "தங்கச்சி, அப்புறம் வாம்மா"ன்னாரு. சரின்னு தேக்காவுக்கு நடந்துபோய் சாப்பிட்டேன். திரும்பி வந்தப்ப மறந்தே போச்சு. சாயங்காலம் தாளை எடுத்தா கடைசி வரி காலியா இருக்கு. கீழ போக சோம்பல். நான்தான் விளையாடியாச்சே, என்ன ஆகிடப் போகுதுன்னு டிக் பண்ணிட்டேன்.

புதன்கிழமை மூணு மணிக்கு அந்தக் கம்பெனியிலேர்ந்து மிஸ்டர் இயோ வந்தாரு. பெரிய உடம்பு, சின்னக் குரல். அவங்க கம்பெனி ஃபோனையே கையோட கொண்டு வந்திருந்தாரு. கேமை அதுல ஏத்திக் கொடுத்தோம். நிதீஷ், அக்கா, நான் மூணு பேரும் பின்னாடி நின்னோம்.

முதல் நாலு நிமிஷம் ஒரு விக்கல் கூட இல்ல. நிதீஷ் நகத்தை வாயிலேர்ந்து எடுத்தாரு. மிஸ்டர் இயோவுக்கும் உற்சாகம் வந்திருச்சு, நாற்காலி நுனிக்கு வந்து சரமாரியாக் குத்தறாரு.

அப்புறம் புதுசா ஒரு எதிரி உள்ள வந்தான். வரும்போதே அவன் தலைமேல இருபத்தேழுன்னு ஒரு எண், பாதி மங்கி, அசையாம நிக்குது. அவனை இன்னும் யாரும் தொடவே இல்ல! அடுத்து வந்தவன் தலையில பதினாலு. அதுக்கடுத்தவன் தலையில எட்டும் முப்பதும் ஒண்ணு மேல ஒண்ணு. கொஞ்ச நேரத்துல இன்னும் மோசம். அவர் குத்திக்கிட்டே இருக்காரு, எண்ணே வரல. ஒண்ணு கூட இல்ல.

மிஸ்டர் இயோ ஃபோனை மெதுவா மேசையில வச்சாரு. "நான் அடிக்கிறேனா இல்லையான்னே தெரியலையே"ன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டு எழுந்தாரு. "நாலரைக்கு எனக்கு வேற மீட்டிங். கீழ போய் ஏதாவது குடிச்சிட்டு நாலு மணிக்கு வரேன். முடிஞ்சா சரி பண்ணுங்க, ஃபோன் இங்கயே இருக்கட்டும்." மணி மூணு பன்னிரண்டு.

கதவு சாத்தினதும் நிதீஷ் ஹம்னாக்கா பக்கம் திரும்பினாரு. "டெஸ்ட் பண்ணியாச்சுன்னுதானே சொன்னீங்க?"

"பண்ணியாச்சு நிதீஷ். பார்த்துட்டு சொல்றேன்"னாங்க. குரல் ஏறவே இல்ல. நேரா என்கிட்ட வந்தாங்க. "கவி, முபாரக் பாய் பதினஞ்சு நிமிஷமும் விளையாடினாரா? இந்த மாதிரி ஏதும் வரலையா?"

நிதீஷ் என்னையே பார்த்துக்கிட்டிருந்தாரு. "விளையாடினாரு. ஒண்ணும் வரல"ன்னுட்டேன். அவ்வளவு சுலபமா வந்துச்சு, தூ!

ஹம்னாக்கா என்னை நம்பினாங்க. நம்பினதாலதான் தப்பான பக்கம் போனாங்க. முபாரக் பாய் பதினஞ்சு நிமிஷம் குத்தியும் வரலைன்னா, கேம்ல பிழை இல்ல, அந்த ஃபோன்லதான் ஏதோ வித்தியாசம்னு முடிவு பண்ணிட்டாங்க. மிஸ்டர் இயோவோட ஃபோனும் எங்க டெஸ்ட் ஃபோனும் ஒரே ரகம்தான், ஆனா அவரோடதுல கொஞ்சம் பழைய சிஸ்டம். அதைத் தோண்ட ஆரம்பிச்சாங்க. ரெண்டு ஃபோனையும் கேபிள்ல மாட்டி, வரிவரியா ஒப்பிட்டுப் பார்க்கறாங்க. நான் பக்கத்துல உக்காந்து விளையாடிக் காட்டறேன். என் கையில எந்த ஃபோன்லயும் அந்த எண் வரவே மாட்டேங்குது. வரும் எப்படி? நான்தான் ஒழுங்கா விளையாடறவளாச்சே.

மூணு இருபது. மூணு இருபத்தஞ்சு. தூடோங் பின்னைக் கழட்டிக் கழட்டிக் குத்தறாங்க. ஒரு தடவை விரல்லயே குத்திக்கிட்டாங்க, துடைச்சுட்டு டைப் பண்றாங்க. சொல்லுடி, சொல்லுடின்னு உள்ளுக்குள்ள கத்துது. இப்ப சொன்னா நிதீஷ் என்னைக் கிழிச்சுடுவாரு. அக்கா எப்படியும் கண்டுபிடிச்சுடுவாங்க, அப்ப யாருக்கும் தெரியாமலே போயிடும்னு நான் கணக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மூணு முப்பத்தஞ்சுக்கு நிதீஷ் அவங்களை கோப்பி போடற பேன்ட்ரிக்குக் கூப்பிட்டாரு. கதவு சரியா மூடாது அங்க. "கோவப்படாம சொல்றேன் ஹம்னா. இன்னிக்கு இது கை நழுவிப் போச்சுன்னா வெள்ளிக்கிழமைக்கு மேல உங்களை வச்சுக்க முடியாது. எல்லாரும் உங்க மேல ஒரு சந்தேகத்தோடதான் இருந்தாங்க. ஏழு வருஷ இடைவெளி. நான்தான் பிடிவாதமா எடுத்தேன்."

"தெரியும்"னாங்க அக்கா.

திரும்பி வந்து உக்காந்தாங்க. மேசையில அவங்க ஃபோன் வெளிச்சம் அடிச்சுது. உம்மா சாப்பிட்டாங்க, தூங்கறாங்கன்னு நிலையத்துலேர்ந்து செய்தி. அதைப் படிச்சுட்டு, கண்ணை ஒரு தடவை இறுக்க மூடித் திறந்து, மறுபடி டைப் பண்ண ஆரம்பிச்சாங்க. அடிச்சதையே அழிச்சு அழிச்சு அடிக்கறாங்க. அதுக்கு மேல என்னால முடியல.

"அக்கா, பாய் விளையாடல."

டைப் பண்றதை நிறுத்திட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"நான் கீழ கொடுக்கவே இல்ல. லாரி நின்னுச்சு, அப்புறம் மறந்துட்டேன், சும்மா டிக் பண்ணிட்டேன். கேட்டப்ப பயத்துல பொய் சொல்லிட்டேன்."

திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். டெஸ்ட் ஃபோனை எடுத்துக்கிட்டு படியில இறங்கினாங்க, நான் பின்னாடியே ஓடினேன்.

முபாரக் பாய் ஒரு ஆளுக்குத் தாழ்ப்பாள் காட்டிக்கிட்டிருந்தாரு. "ஒரு நிமிஷம் ஹம்னா"ன்னாரு.

"இல்ல பாய், இப்பவே."

அந்தக் குரலைக் கேட்டுட்டு தாழ்ப்பாளை அப்படியே அந்த ஆள் கையில கொடுத்துட்டு ஃபோனை வாங்கினாரு. குத்த ஆரம்பிச்சாரு. முதல் எதிரி சாஞ்சான். சாஞ்சவனை இன்னும் குத்தறாரு. குத்திக்கிட்டே இருக்காரு.

"பாய், அவன் செத்துட்டான். ஏன் அடிக்கிறீங்க?"

"செத்துட்டானா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்லா? எழுந்து வந்துட்டான்னா?"

அந்த ரெண்டு செகண்டுல ஹம்னாக்கா முகம் மாறினதை நான் பார்த்தேன். எங்க கேம்ல செத்த எதிரி ஒரு செகண்டு தரையில கிடப்பான், அப்புறம் மறைஞ்சிடுவான். அவனையும் தூக்கிப் போடறதில்ல, மறைச்சு வச்சு அடுத்த எதிரியா அனுப்புவோம். பாய் பொணத்தைக் குத்தறாரு, அதுக்கும் எண் தெறிக்குது. அந்த எண் மேல ஏறிக்கிட்டிருக்கும்போதே பொணம் மறையுது. அடுத்து வந்த எதிரிகள்ல ஒருத்தன் தலையில, பாதி மங்கின பத்தொன்பது.

"எண்ணை எதிரியோட சேர்த்துக் கட்டி வச்சிட்டேன்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு படியேறி ஓடினாங்க. மூணு நாப்பத்திநாலு.

நிதீஷ்கிட்ட நின்னுக்கிட்டே சொன்னாங்க. எண் எதிரியோட நகரணும்னு அவன் கீழயே ஒட்டி வச்சிருந்தாங்களாம். எதிரியை மறைச்சா அவன்கூட ஒட்டியிருக்கறதும் மறைஞ்சிடும், மங்கற வேலை பாதியிலயே நின்னுடும். மங்கி முடிஞ்சாதானே எண் திரும்ப வரும்? முடியவே இல்ல, அதனால வரவும் இல்ல. அவன் மறுபடி வரும்போது அதே எண் அவன் தலையில உறைஞ்சு நிக்குது. இப்படி ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு நாப்பதும் தீர்ந்து போச்சு. தீர்ந்தா புதுசு செய்யக்கூடாதுன்னு அவங்களே எழுதி வச்சிருந்ததால, எண்ணே இல்லாம போச்சு.

"தட்டை எடுத்துக்கிட்டு ஆளே போயிட்டான்"னாரு நிதீஷ்.

"ஆமா. இனிமே எண் யார்கூடயும் ஒட்டாது. தனியா ஒரு இடத்துல இருக்கும். அடி விழற நேரத்துல தலை எங்க இருக்குன்னு மட்டும் கேட்டுக்கும்." சொல்லிக்கிட்டே எழுதினாங்க. எழுத வேண்டியது அஞ்சாறு வரிதான். எத்தனை எண் திரும்பி வந்து கையிருப்புல இருக்குன்னு திரை மூலையில ஒரு கணக்கும் வச்சாங்க. மூணு நாப்பத்தொன்பதுக்கு பில்ட் போட்டாங்க, எழுதினதை ஃபோன்ல ஏத்தற மாதிரி கேமாக் கட்டற வேலை. அது ஆறு நிமிஷம் எடுக்கும். அந்த ஆறு நிமிஷமும் மூணு பேரும் திரையையே பார்த்துக்கிட்டிருந்தோம். கீழ பாய் கடையில யாரோ தகரம் வெட்டற சத்தம்.

மூணு அம்பத்தஞ்சு. டெஸ்ட் ஃபோன்ல ஏத்தி என் முன்னாடி வச்சாங்க. நான் உண்மையைச் சொன்னதுக்கப்புறம் என்கிட்ட பேசின முதல் வார்த்தை அதுதான்: "செத்தவனை அடி."

அடிச்சேன். பாய் மாதிரி கட்டை விரலால குத்தினேன். மூலையில நாப்பது, முப்பத்தாறு, முப்பத்தொண்ணு. பொணம் மறைஞ்சுது. எண் மட்டும் தனியா மேல ஏறி மங்குது. முப்பத்தி நாலு, முப்பத்தெட்டு. விரலை எடுத்தேன். முப்பத்தொன்பதுல நின்னுச்சு. அப்புறம் நாப்பது. ஹம்னாக்கா மேசையைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு ஒரு மூச்சு விட்டாங்க. கணக்கை மறைச்சுட்டு மிஸ்டர் இயோவோட ஃபோன்ல ஏத்திக்கிட்டிருக்கும்போதே படியில கனமான காலடிச் சத்தம்.

மிஸ்டர் இயோ கால் மணி நேரம் விளையாடினாரு. எங்க எதிரிங்க ஒருத்தனையும் நிம்மதியா சாக விடல. எண்ணெல்லாம் தெறிச்சுது, ஏறிச்சு, மங்கிச்சு. கடைசியில, "நாளைக்கு ஒப்பந்தப் பேப்பர் அனுப்பறேன்"னு நிதீஷ் கையைக் குலுக்கினாரு.

அவர் போனதும் நிதீஷ் ஹம்னாக்காகிட்ட, "சரி பண்ணிட்டீங்க, நன்றி. ஆனா இவ்வளவு தூரம் வந்திருக்கக்கூடாது. உங்க தகுதிகாணை இன்னும் மூணு மாசம் நீட்டலாம்னு..."ன்னு ஆரம்பிச்சாரு.

அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், சொல்லல.

"நிதீஷ், பாய்கிட்ட நான் கொடுக்கல. பொய்யா டிக் பண்ணேன். அக்கா கேட்டப்பவும் பொய் சொன்னேன். கொடுத்திருந்தா நேத்திக்கே பிடிச்சிருப்பாங்க. இருபத்தஞ்சு நிமிஷம் வீணானதும் என்னாலதான். தண்டனை கொடுக்கறதா இருந்தா என்னை என்ன வேணா பண்ணுங்க."

நிதீஷ் என்னைக் கிழிச்சாரு. எழுத முடியாத அளவுக்குக் கிழிச்சாரு. எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்துச்சு. வெள்ளிக்கிழமை ஹம்னாக்காவுக்கும் ஒரு கடிதம் வந்துச்சு, நிரந்தரம்னு. அதை மடிச்சுப் பையில வைக்கறதுக்கு முன்னாடி மூணு தடவை படிச்சாங்க. நான் கோப்பி வாங்கிட்டுப் போய் வச்சேன். ஆறிப் போற வரைக்கும் அது அங்கயே இருந்துச்சு.

பஸ் ஸ்டாப்ல நான்தான் விடாம போய் நின்னேன். "அக்கா, திட்டிடுங்களேன்."

"பிழை என்னோடது கவி. எண்ணை அவனோட கட்டி வச்சது நான்தான், நீ இல்ல. டிக் பண்ணதைக் கூட விட்டுடலாம், எல்லாருக்கும் சோம்பல் வரும். நான் உன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்து சொன்னே." பஸ் வந்துச்சு. ஏறிட்டாங்க.

அடுத்த செவ்வாய்க்கிழமை புது பில்ட் வந்துச்சு. டெஸ்ட் தாள்ல கடைசி வரிக்குக் கீழ அவங்க கையெழுத்துல ஒரு வரி சேர்ந்திருந்துச்சு: "செத்த பிறகும் அடிச்சுப் பார்த்தாச்சு." நான் ஃபோனை எடுத்துக்கிட்டு எழுந்தேன். அவங்களும் எழுந்தாங்க. "வா, போவோம்"னாங்க.

முபாரக் பாய் பதினஞ்சு நிமிஷம் குத்தினாரு. நாங்க ரெண்டு பேரும் பெயிண்ட் டப்பா பக்கத்துல நின்னோம். எண்ணெல்லாம் ஒழுங்கா ஏறி ஒழுங்கா மறைஞ்சுது. முடிஞ்சதும் தாளை நீட்டி, "எப்படி இருந்துச்சு கவி?"ன்னு கேட்டாங்க. அவங்களும் பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் பார்த்தவங்கதான். இருந்தாலும் கேட்டாங்க, கேட்டுட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.